பொலிஷ் மேல் வெள்ளைப் படலம்: ஈரமா, மெழுகா, பூஞ்சணமா?

கார்த்திகையில் மழை பிடித்துவிட்டால் மட்டக்களப்பிலும் அம்பாறையின் கரையோர ஊர்களிலும் பொலிஷ் போட்ட தளபாடங்கள் மங்கத் தொடங்கும். தேக்கு அலுமாரியின் கதவில் புகை படிந்தது போல ஒரு வெள்ளை, முதிரை மேசையில் கோப்பை வைத்த வட்டம், சாய்மானக் கதிரையின் காலில் சாம்பல் நிறத் திட்டு. தூரத்தில் இருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுதான். ஆனால் காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும்: பொலிஷுக்குள் புகுந்த ஈரம், பொலிஷ் மேல் தேங்கிய மெழுகு, அல்லது பூஞ்சணம்.

ஒன்றுக்கான மருந்து மற்றதைக் கெடுக்கும் என்பதால்தான் முதலில் பிரித்தறிய வேண்டியிருக்கிறது. பூஞ்சணத்தை எடுக்கும் சவர்க்காரத் தண்ணீர், ஈரத்தால் வந்த வெள்ளையை இன்னும் தடிக்கச் செய்யும். ஈரத்தைப் போக்கும் சூடு, மெழுகை உருக்கி மரத்தின் கண்களுக்குள்ளும் செதுக்கு வேலையின் பள்ளங்களுக்குள்ளும் இறக்கிவிடும். ஈர வட்டத்தை அழிக்கும் ஸ்பிரிட்டைக் காரணம் தெரியாமல் எடுத்துத் தேய்த்தால், பழைய அரக்குப் பொலிஷே கரைந்து சீலையோடு வந்துவிடும். பூஞ்சணத்தின் மேல் மெழுகு பூசினால் அடுத்த மழைக்கு அது இன்னும் அகலமாக எழும்பும்.

நம் வீடுகளில் வழக்கமாக முதலில் கைக்கு வருவது தேங்காய் எண்ணெய். எண்ணெய் தடவியதும் மேற்பரப்பில் நிற்கும் வெள்ளை கண்ணுக்கு மங்கி, சுகமானது போலத் தோன்றும். ஒழுங்கற்ற மேற்பரப்பில் எந்தத் திரவத்தைப் பூசினாலும் அது பள்ளங்களை நிரப்பி ஒளி சிதறுவதைக் குறைக்கும், அவ்வளவுதான். காரணம் அப்படியே இருக்கும். போதாததற்கு எண்ணெயில் தூசி ஒட்டும், அந்தத் தூசியில் பூஞ்சணம் வேர்பிடிக்கும். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறையத் தொடங்கும் என்பதால், மார்கழிக் குளிரில் தடிப்பாகப் பூசிய எண்ணெயே வெண்மையாகத் தெரியவும் கூடும். ஆகவே சோதனை முடியும்வரை எண்ணெய் வேண்டாம். ஏற்கெனவே பூசியிருந்தால், கீழே சொல்லும் டர்பன்டைன் சோதனையில் அதுவும் மெழுகோடு சேர்ந்து வரும்.

எது எந்த இடத்தில் இருக்கிறது

பூஞ்சணம் மேலே வளர்வது. கைவியர்வை, எண்ணெய், பழைய மெழுகு, தூசி ஆகியவற்றை உண்டு, பொலிஷின் முகத்தில் நிற்கும். மெழுகு மேலே பூசப்பட்டது. மெல்லிய தனிப் படையாகக் கிடக்கும். ஈர வெள்ளை இந்த இரண்டுக்கும் கீழே, பொலிஷ் படலத்தின் உள்ளேயே இருக்கிறது. தண்ணீரோ நீராவியோ படலத்துக்குள் ஊறி நுண்ணிய இடைவெளிகளை உண்டாக்க, ஒளி நேராகப் போகாமல் அவற்றில் பட்டுச் சிதறுகிறது. தெளிந்த கண்ணாடியை நொறுக்கினால் வெள்ளைத் தூளாகத் தெரிவதற்கும் இதுவே காரணம். மரத்துக்கு அப்போது எந்தச் சேதமும் ஆகியிருக்காது.

எனவே சோதனையும் மேலிருந்து கீழே போக வேண்டும்: முதலில் உலர்ந்த விரல், பிறகு டர்பன்டைன், அதன் பிறகும் நிற்பது உள்ளே இருப்பது. இந்த வரிசையில் இன்னொரு நன்மையும் உண்டு. முன்னால் வருகிற சோதனைகள் பொலிஷுக்குத் தீங்கு செய்வதில்லை. பொலிஷைத் தொடக்கூடிய ஸ்பிரிட் கடைசியாகத்தான் போத்தலில் இருந்து வெளியே வரும்.

சோதனை

அறையை இருட்டாக்கி, டோர்ச்சை மேற்பரப்போடு ஒட்டிச் சாய்த்துப் பிடியுங்கள். ஒளி பக்கவாட்டில் ஓடும்போது பூஞ்சணம் நுண்ணிய புள்ளிகளாக, ஓரம் பஞ்சு போல நிற்பது தெரியும். ஃபோன் கமராவில் பெரிதாக்கிப் பார்த்தால் இன்னும் தெளிவு. மெழுகு தெரிவது சீலை போன திசையில் கோடு கோடாக. மூலைகளிலும் செதுக்குப் பூக்களின் அடியிலும் கட்டியாக. ஈர வெள்ளையில் மேற்பரப்பு வழவழப்பாகவே இருக்கும், மினுக்கமும் குறையாமல் இருக்கலாம், வெள்ளை மட்டும் அடியில் மேகம் போல நிற்கும். அது இருக்கும் இடமும் பேசும். பாத்திரம் வைத்த இடம், யன்னலால் சாரல் அடித்த பக்கம் என்றால் ஈரத்தை நினைக்கலாம். சுவரோடு ஒட்டிய முதுகு, தரையை நெருங்கிய கால், காற்றுப் போகாத உட்தட்டு என்றால் பூஞ்சணத்தை நினைக்கலாம். இதெல்லாம் ஊகம் மட்டும். தீர்ப்பு அடுத்த இரண்டில்தான் இருக்கிறது.

மூக்கையும் வாயையும் மறைத்துக்கொண்டு, உலர்ந்த விரலால் ஓர் அங்குல அளவு இடத்தை ஒரு தடவை இழுங்கள். வெள்ளை தூளாக விரலில் வந்து, கீழே பொலிஷ் தெளிவாகத் தெரிந்து, பழைய பெட்டியைத் திறந்த புழுங்கல் மணமும் அடித்தால் அது பூஞ்சணம். தூளாகாமல் சவர்க்காரம் போல வழுக்கி, விரல் போன தடம் கோடாக நின்றால் மெழுகு அல்லது எண்ணெய். விரலில் ஒன்றும் வராமல் வெள்ளையும் அசையாமல் இருந்தால் அது உள்ளே இருக்கிறது, அல்லது நன்றாக இறுகிய பழைய மெழுகு. ஈரமாக இருக்கும் புதிய பூஞ்சணமும் வழுக்கிப் பூசப்படும் என்பதால், மெழுகோடு குழம்ப இடமுண்டு. அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க மின்விசிறிக் காற்றில் ஒரு நாள் விட்டு மறுபடி தொடலாம். பூஞ்சணம் உலர்ந்து தூளாகியிருக்கும், மெழுகு மாறாது.

இப்போது டர்பன்டைன். பெயின்ற் கடையில் விற்கும் மினரல் டர்பன்டைனே போதும். மண்ணெண்ணெய் எண்ணெய்ப் பசையை விட்டுச் செல்வதால் சோதனைக்கு உதவாது. தின்னரை எடுக்கவே வேண்டாம், பல பொலிஷ்களை அது நேராகக் கரைக்கும். வெள்ளைப் பஞ்சில் நாலைந்து சொட்டு விட்டு, ஒரு ரூபாய்க் குற்றி அளவு இடத்தில் பத்துத் தடவை மெதுவாகத் தேய்த்துப் பஞ்சைப் பாருங்கள். பிறகு அந்த இடத்தைப் பத்து நிமிடம் உலர விடுங்கள்.

அவசரப்படுபவர்கள் ஏமாறுவது இந்தப் பத்து நிமிடத்தில்தான். நனைந்திருக்கும்போது மேற்பரப்பு வெள்ளை எல்லாமே மறையும், எண்ணெயில் நடந்தது போல. உலர்ந்த பிறகு தெளிவாகவே இருந்து, பஞ்சும் மஞ்சளாகவோ அழுக்காகவோ பிசுபிசுத்தால் அது மெழுகு. நனைந்திருந்தபோதும் வெள்ளை மறையாமல் அடியில் தெரிந்துகொண்டிருந்தால் ஈரம். நனைந்தபோது முழுக்க மறைந்து, உலர்ந்ததும் அதே இடத்தில் திரும்பி வந்து, விரலிலும் ஒன்றும் ஒட்டாவிட்டால் இந்த மூன்றுமே இல்லை. பொலிஷின் முகம் நுண்ணிய கீறல்களாலோ வெடிப்புகளாலோ தேய்ந்திருக்கிறது. அதற்குப் பொலிஷ் வேலைதான் வழி, எந்தச் சுத்தம் செய்தாலும் போகாது.

சூடு காட்டிச் சோதிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். மெழுகும் உறைந்த எண்ணெயும் சூட்டில் உருகித் தெளியும், பூஞ்சணம் அப்படித் தெளியாது என்ற அளவில் அது சரியே. ஆனால் ஈர வெள்ளையும் சூட்டில் மெல்ல மறையும் என்பதால், மெழுகையும் ஈரத்தையும் அது பிரித்துக் காட்டாது. டர்பன்டைன் முடிவு கிடைக்கும் முன்னர் சூட்டைத் தொடாமல் இருப்பது நல்லது.

ஒரே அலுமாரியில் மூன்றும்

கல்லடி போல ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியும் உள்ள இடத்தில், பழைய அரக்குப் பொலிஷ் போட்ட ஒரு தேக்கு அலுமாரியை எடுத்துக்கொள்வோம். தீபாவளிக்கு முன் வீடு துப்புரவாக்கியபோது கதவுகளுக்கு மெழுகுப் பொலிஷ் தாராளமாகப் பூசியிருக்கிறது. மேற்தட்டில் தண்ணீர்ச் செம்பு இருந்திருக்கிறது. முதுகு வெளிச்சுவரோடு ஒட்டி நிற்கிறது. மார்கழியில் பார்த்தால் அலுமாரி முழுவதும் வெளிறிக் கிடக்கிறது, வீட்டில் எல்லோரும் பூஞ்சணம் என்கிறார்கள்.

மேற்தட்டில் செம்பின் அடி அளவுக்கு வட்டம். விரலில் ஒன்றும் வரவில்லை, டர்பன்டைனில் நனைந்தும் வட்டம் தெரிகிறது: ஈரம். கதவின் நடுப்பலகையில் விரல் இழுத்தால் தடம் விழுகிறது, பஞ்சு மஞ்சளாகிறது, பத்து நிமிடத்துக்குப் பிறகு குற்றி அளவு இடம் மட்டும் தேக்கு நிறத்தில் மின்னுகிறது: மெழுகு. பக்கப்பலகையின் அடியில், தரையில் இருந்து ஒரு சாண் உயரம்வரை, சாம்பல் புள்ளிகள். விரலில் தூளாக வருகின்றன, மணமும் உண்டு: பூஞ்சணம். கதவின் கீழ் மூலையில் தூளும் வருகிறது, பஞ்சும் மஞ்சளாகிறது. அங்கே மெழுகின் மேல் பூஞ்சணம் வளர்ந்திருக்கிறது. அதிகமாகப் பூசி, தேய்த்து எடுக்காமல் விட்ட மெழுகில் தூசி பிடித்தால் இப்படி ஆவது அதிசயமில்லை.

இப்படி இரண்டு மூன்று சேர்ந்திருந்தால் வேலையும் சோதனை போன வரிசையிலேயே போக வேண்டும்: முதலில் பூஞ்சணம், அடுத்து மெழுகு, கடைசியில் ஈரம். மெழுகை முதலில் துடைத்தால் பூஞ்சணத்தின் விதைத்தூள் அதே சீலையால் கதவு முழுக்கப் பரவும். மெழுகு மேலே இருக்கும்போது சூடு காட்டினால் ஈரம் வெளியேறத் தடையாகவும் இருக்கும், மெழுகும் உருகி ஓடும்.

பூஞ்சணம் என்றால்

உலர்த்திய பிறகே தொட வேண்டும். ஈரமாக இருக்கும்போது தேய்த்தால் மரத்தின் கண்களுக்குள் போய் அடைந்து கறையாக நிற்கும். மழை விட்ட ஒரு நாளில் விறாந்தைக்கோ மாமர நிழலுக்கோ கொண்டுபோய்க் காற்றாட வையுங்கள். நேர் வெயில் கூடாது. ஊறிய பலகை ஒரு பக்கம் மட்டும் சட்டென்று காய்ந்தால் வளையும், பொருத்துகள் விடும், வெனியர் ஒட்டியது என்றால் கிளம்பும்.

காய்ந்ததும் மென்மையான தூரிகையால், காற்று உங்களைவிட்டு விலகிப் போகும் திசையில் தூளைத் தட்டிவிடுங்கள். பிறகு அரை லீற்றர் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு விட்டு, பழைய சாறன் துண்டை நனைத்து, இனிச் சொட்டாது என்னும்வரை பிழிந்து துடையுங்கள். பின்னாலேயே உலர்ந்த சீலை போக வேண்டும். ஒரு துண்டை ஒரு பகுதிக்கு மட்டும் பயன்படுத்தி மாற்றுங்கள். பொலிஷ் போடாத முதுகுப்பலகைக்கும் உட்தட்டுக்கும் 70 சதவீத அல்ககோலால் துடைப்பது நல்லது. அரக்குப் பொலிஷ் போட்ட முகத்தில் அதைப் பாவிக்கக் கூடாது. குளோரின் கலந்த வெளிற்றித் திரவம் வேண்டாம். மரத்தின் நிறத்தையும் பொலிஷையும் அது தின்னும், நிறைய நீரையும் மரத்துக்குள் இறக்கும்.

காற்றின் ஈரப்பதன் 70 சதவீதத்துக்கு மேல் நாட்கணக்கில் நிற்குமானால் பூஞ்சணம் திரும்பி வரும். வாடைக்காற்றுக் காலத்தில் இங்கே அதைத் தவிர்க்க முடியாது. ஆகவே துடைத்த அலுமாரியைப் பழைய இடத்தில் ஒட்டி வைப்பதில் பயனில்லை. சுவருக்கும் முதுகுக்கும் இடையில் நான்கு விரல் அகலமாவது இடைவெளி விட்டு, கால்களுக்குக் கீழே கட்டை கொடுத்து, உடுப்பை நெருக்கி அடுக்காமல் விட்டால் காற்று ஓடும். துடைத்த இடத்தில் ஒரு வாரத்துக்குள் புள்ளிகள் மீண்டும் தோன்றினால் தளபாடத்தை விட்டு சுவரைப் பாருங்கள். கூரை ஒழுக்கோ, தரையில் இருந்து ஏறும் ஈரமோ அங்கே இருக்கக்கூடும்.

மெழுகு என்றால்

மூன்றிலும் இலகுவானது இது. டர்பன்டைனில் நனைத்துப் பிழிந்த சீலையால் மரத்தின் ரேகை போகும் திசையில், ஒரு நேரத்தில் ஒரு பலகையாகத் துடையுங்கள். சீலை அழுக்கானதும் மறுபக்கம் திருப்ப வேண்டும். அழுக்குச் சீலை மெழுகை எடுக்காது, இடம் மாற்றி மட்டும் வைக்கும். செதுக்குப் பள்ளங்களுக்குப் பழைய பல்தூரிகை சரியாக இருக்கும். அரை மணி நேரம் உலர்ந்த பிறகு உலர்ந்த பருத்தித் துணியால் மினுக்குங்கள். மீண்டும் மெழுகு பூசுவதென்றால் மாரி முடியட்டும், அதுவும் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிசாக. மெழுகுப் படையில் தண்ணீர்த்துளி நின்றால் அந்த மெழுகே வெளுக்கும், அந்தப் புள்ளிகளும் இதே வேலையில் போய்விடும். யன்னல்களைத் திறந்து வையுங்கள், அடுப்புப் பக்கம் போகாதீர்கள், பாவித்த சீலைகளைச் சுருட்டி வைக்காமல் வெளியே விரித்துக் காயவிட்டு எறியுங்கள்.

ஈரம் என்றால்

இங்கேதான் தெரிவுகள் அதிகம், கெடுக்கும் வாய்ப்பும் அதிகம். நான்கு வழிகளை மென்மையானதில் இருந்து கடுமையானதுக்குப் போகும் வரிசையில் சொல்கிறோம். முந்தியது பலிக்காவிட்டால் மட்டும் அடுத்தது.

முதல் வழி, பொறுத்திருப்பது. வட்டம் புதிதென்றால் மேசையைக் காலியாக்கி மின்விசிறிக்குக் கீழே இரண்டு மூன்று நாள் விடுங்கள். படலத்துக்குள் போன ஈரம் போன வழியே வெளியேறலாம். நேற்று விழுந்த வெள்ளைக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. மாதக்கணக்கில் இருக்கும் வட்டத்துக்கு இது போதாது.

இரண்டாவது, இளஞ்சூடு. முடி உலர்த்தியைக் குறைந்த சூட்டில் வைத்து, ஒரு சாண் தூரத்தில் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே ஐந்து நிமிடம் காட்டுங்கள். அடிக்கடி கையை வைத்துப் பாருங்கள். கை பொறுக்காத சூட்டில் அரக்குப் பொலிஷ் இளகிக் கொப்பளிக்கும். துணியை விரித்து மேலே ஸ்திரிக்கைப்பெட்டியால் அழுத்தும் முறையும் வழக்கில் இருக்கிறது. அரக்குப் பொலிஷுக்கு அதைச் சிபாரிசு செய்ய முடியாது, துணியின் நெசவு அப்படியே பொலிஷில் பதிந்துவிடக்கூடும்.

மூன்றாவது, மெதிலேட்டட் ஸ்பிரிட். அதற்கு முன் இது என்ன பொலிஷ் என்று தெரிய வேண்டும். கண்ணுக்குப் படாத ஒரு மூலையில் ஒரு சொட்டு ஸ்பிரிட் வைத்து ஒரு நிமிடம் பாருங்கள். ஒட்டும் பசையாக மாறினால் அரக்கு. ஒன்றும் ஆகாமல் தின்னர்ச் சொட்டில் மட்டும் இளகினால் லேக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் பொலியூரிதேன் வகை; அதில் ஸ்பிரிட்டால் பயனில்லை, ஈரமும் அதற்குள் இலகுவில் புகாது.

அரக்கானால் ஸ்பிரிட்டின் வேலை, படலத்தின் மேல்தோலைக் கண நேரம் இளக்கி, அடைபட்ட ஈரம் வெளியேற வழி விடுவது. பஞ்சை மெல்லிய பருத்தித் துணியில் முடிந்து சிறிய பந்தாக்கி, அதில் சில சொட்டு விட்டுப் பிழியுங்கள். புறங்கையில் தொட்டால் குளிர் தெரிந்து, ஈரம் இரண்டு மூன்று வினாடியில் பறந்துவிட வேண்டும்; அதற்கு மேல் நனைந்திருந்தால் அதிகம். பந்தைக் காற்றில் இருந்தே இறக்கி, வட்டத்தின் மேல் வழுக்கி, நிறுத்தாமல் மேலே தூக்கிவிடுங்கள். பந்து ஒரு கணம் நின்றாலும் அங்கே குழி விழும், துணியும் ஒட்டும். மூன்று தடவை போனதும் ஐந்து நிமிடம் நிறுத்திப் பாருங்கள். வெள்ளை குறைந்துகொண்டு வந்தால் தொடரலாம். பந்து இழுபட ஆரம்பித்தால் பொலிஷ் இளகிவிட்டது, அன்றைக்கு வேலையை நிறுத்திவிட வேண்டும். இதே அறையில் அந்த நேரம் முடி உலர்த்தியோ விளக்குத் திரியோ இருக்கக் கூடாது. லேக்கரிலும் இந்த முறை பல நேரம் பலிக்கும், ஆனால் மெதுவாக.

நான்காவது, மேல்தோலை உரசி எடுப்பது. வெள்ளை மேற்பரப்போடு ஒட்டி இருந்தால்தான் பயன். மிக நுண்ணிய, நாலு பூச்சியக் கம்பிப்பஞ்சில் சில சொட்டு எண்ணெய் விட்டு, மரரேகைத் திசையில் இலேசாகத் தேய்க்க வேண்டும். அந்த இடத்தின் மினுக்கம் மங்கும் என்பதால் சுற்றியுள்ள பகுதியையும் சமப்படுத்த வேண்டிவரும். எண்ணெயை டர்பன்டைனால் எடுத்துவிடுங்கள். பற்பசையும் சாம்பலும் செய்வது இதே உரசல்தான், அளவு கட்டுப்படாமல்.

வட்டம் வெள்ளையாக இல்லாமல் கறுத்திருந்தால் இந்த நான்கும் உதவாது. தண்ணீர் பொலிஷைக் கடந்து மரத்தைத் தொட்டுவிட்டது. பொலிஷை நீக்கி மரத்தில் வேலை செய்ய வேண்டும்.

பொலிஷ்காரரைக் கூப்பிடுவதானால் நாளையும் பார்த்துக் கூப்பிடுங்கள். மழைநாளில் அடித்த அரக்கும் லேக்கரும் தாமே வெளுக்கும். கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றில் உள்ள ஈரம் அதன் மேல் படிந்து, காயும் படலத்துக்குள் அகப்பட்டுக்கொள்கிறது. புதிதாகப் பொலிஷ் போட்ட தளபாடம் மறுநாளே முழுவதும் ஒரே சீராக வெளிறிக் கிடந்தால் காரணம் இதுவே. அனுபவமுள்ளவர் மெதுவாக ஆவியாகும் தின்னரை மேலே மெல்லத் தெளித்து அதைத் திருத்துவார். அவசரம் இல்லையென்றால் மாசி, பங்குனியில் நல்ல வெயில் விழுந்து பலகை உள்ளுக்கும் காய்ந்த பிறகு, காலைப் பனி விலகி நிலம் சூடான நேரத்தில் வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள்.